ஒரே அமர்வில் நான்கு மணி நேரமா, பிரித்துப் பிரித்தா?

கும்பகோணத்தில் மிருதங்கம் வாசிக்கிற எனக்கு, தினசரிப் பயிற்சியான சாதகத்தை ஒரே மூச்சில் செய்வதா பிரித்துச் செய்வதா என்பது நான்கு வருஷத்துக்கு முன்பு வரை ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கூடாது என்றுதான் கற்றுக்கொண்டேன். இப்போது பிரித்துத்தான் வாசிக்கிறேன், அதன் பக்கம்தான் பேசப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீண்ட அமர்வுக்கு உள்ள நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கச்சேரி இரண்டரை மணி நேரம் ஓடும், தனி ஆவர்த்தனம் பிற்பகுதியில்தான் வரும், களைத்த கையோடு வேகமான பரன் வாசித்துப் பழக வேண்டும். மறுக்க முடியாது. இதில் பிரித்த சாதகம் நீண்ட அமர்வை முழுதாக ஈடு செய்யாது.

ஆனால் கை எப்படிப் பழுதாகிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் அடிப்பதுதான் கையைக் கெடுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அடித்த விரலை அடுத்த சொல்லுக்காகத் தூக்குகிற வேலைதான் அதிகம். விரலையும் மணிக்கட்டையும் தூக்குகிற தசைகள் முன்கையின் மேல்பக்கம் ஓடி, முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் போய்ப் பிடித்திருக்கின்றன. தரிகிடதொம் வேகத்தில் போகும்போது அந்த ஒரு முனையில்தான் இழுப்பு முழுக்கச் சேர்கிறது. முதல் ஒரு மணி நேரம் கை தளர்வாக இருக்கும். அப்புறம் தசை களைத்ததும் நமக்கே தெரியாமல் தோளைத் தூக்கி, மணிக்கட்டை விறைத்து, அதே சத்தத்தைப் பலத்தால் எடுக்கத் தொடங்குவோம். ஐப்பசி மழையில் தோல் ஈரம் வாங்கி நாதம் மங்கும் நாட்களில் இது இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் மங்கின நாதத்தை அடியால் ஈடுகட்டப் பார்ப்போம்.

எனக்கு வந்தது ஆவணியில். ஆடி முழுக்கக் கல்யாணமும் இல்லை கச்சேரியும் இல்லை, தினம் ஒரு மணி நேரம்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆவணி பிறந்ததும் ஒரு நல்ல கச்சேரி ஒப்புக்கொண்டு, ஒரே வாரத்தில் நான்கு மணி நேரத்துக்குப் போய்விட்டேன், அதுவும் விடியற்காலையில், குளிர்ந்த கையோடு, எடுத்த எடுப்பிலேயே வேகத்தில். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, "ஏன்டா காபி டம்ளரை இடக்கையால எடுக்கிற?" என்று அக்காதான் முதலில் கேட்டாள். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வலது முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு முனைக்கு இரண்டு விரற்கடை கீழே, தொட்டால் உயிர் போகிற ஓர் இடம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளங்கை தரையைப் பார்க்கப் பிடித்துத் தூக்கினால் சுரீர் என்றது, உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கினால் வலியே இல்லை. தூக்குகிற தசைநாரில்தான் கோளாறு என்பதற்கு வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளம் இது.

பன்னிரண்டு நாள் மிருதங்கத்தைத் தொடவே இல்லை. வலி போயிற்று. பதின்மூன்றாம் நாள் சந்தோஷத்தில் மூன்று மணி நேரம் வாசித்தேன், இரண்டே நாளில் அதே இடம், அதே சுரீர். முழு ஓய்வை மட்டும் நம்புகிறவர்கள் விழுகிற குழி இதுதான். ஓய்வில் எரிச்சல் அடங்குகிறதே தவிர தசைநார் வலுப்பெறுவதில்லை. சும்மா இருந்த நாட்களில் கொஞ்சம் இளைக்கவும் செய்கிறது. தசை சில வாரத்தில் தேறிவிடும், தசைநார் தேற மாதக்கணக்கில் ஆகும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் கை போகிறது.

அப்புறம்தான் பிரித்தேன். காலையில் பதினைந்து நிமிஷம், மதியம் பதினைந்து, மாலையில் பதினைந்து, எல்லாம் முக்கால் வேகத்தில். தினமும் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து எடுத்து, தத்தித்தொம்நம் பாடத்தை முதல் காலத்தில், மெதுவான அடியில் பத்து நிமிஷம். விரலை வளைத்து இழுத்து நீட்டுகிற பயிற்சியைக் குளிர்ந்த கையில் செய்வதில்லை, வலிக்கிற இடத்தில் அறவே செய்வதில்லை.

எவ்வளவு கூட்டுவது என்பதை மறுநாள் காலை சொல்லும். முடிவு செய்கிற விஷயம் என்று நான் பிடித்துக்கொண்டது இது ஒன்றைத்தான். வாசிக்கும்போது வருகிற லேசான வலியை நம்பக் கூடாது, கை சூடானதும் அது மறைந்து ஏமாற்றிவிடும். எழுந்ததும் அந்த நாற்காலியைத் தூக்கிப் பார்ப்பேன். நேற்றைவிட வலி கூடவில்லை என்றால் மூன்று நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு அமர்விலும் ஐந்து நிமிஷம் கூட்டுவேன். கூடியிருந்தால் பழைய அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்பேன். இரண்டு முறை இறங்கி நெடுநாள் அங்கேயே நின்றேன். அதனால் நாளுக்கு இரண்டரை மணி நேரத்தை எட்ட ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. நான்கு மணி நேரத்தை ஒரே மூச்சில் செய்தவனுக்கு இந்த மறுநாள் கணக்கு கிடைப்பதே இல்லை, எந்தப் பகுதி கையைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க அவனிடம் ஒன்றும் இருக்காது.

இடைவேளை பற்றி ஒரு சொல். முப்பது நிமிஷத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிஷம் எழுந்து நடக்கிறேன். அந்த நேரத்தில் வார் இறுக்கிச் சுருதி சேர்க்க உட்கார்ந்தால் அது ஓய்வே இல்லை, கல்லைப் பிடித்து அடிக்கிற வேலையும் அதே தசைக்குத்தான். போனைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருப்பதும் அப்படியே.

அக்கா தஞ்சாவூர் வீணை வாசிக்கிறாள். அவளுக்கு அடி வாங்கியது இடது கை. தந்தியை மெட்டின் மேல் இழுத்துப் பிடித்துக் கமகம் எடுக்கும்போது மணிக்கட்டு வளைந்த நிலையில் பாரம் தாங்குகிறது. தோடி மாதிரி அசைவு மிகுந்த ராகத்தை அவள் இப்போது முதலிலும் எடுப்பதில்லை, கடைசியிலும் எடுப்பதில்லை. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையோடு தொடங்கி, கை சூடானபின் நடுவில் தோடி, கடைசியில் இழுப்பு குறைந்த ஏதாவது ஒரு கீர்த்தனை. அவளுக்கும் பிரித்த சாதகம்தான் ஒத்துவந்தது. வயலினுக்கு இது அப்படியே பொருந்துமா என்று என் கையை வைத்துச் சொல்ல முடியாது. தவிலுக்குப் பாதி பொருந்தும்: வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி, தோளில் பாரம் என்று அங்கே சுமை வேறு விதமாகப் பிரிகிறது.

இரண்டு அடையாளம் வந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். ஒன்று, விரல் மரத்துப் போவது, முக்கியமாக ராத்திரி தூக்கத்தில் மரத்து எழுப்பிவிடுவது. அது நரம்பு அழுந்துவது. இன்னொன்று, வலியே இல்லாமல் ஒரு விரல் வாசிக்கும்போது மட்டும் தானாக மடங்குவது அல்லது சொன்னதைக் கேட்காமல் போவது. அதை இன்னும் சாதகம் செய்து சரிப்படுத்தலாம் என்று ஆயிரம் முறை திரும்ப வாசிப்பது நிலைமையை மோசமாக்கும்.

நீண்ட அமர்வை நான் அடியோடு விடவில்லை. கச்சேரிக்கு மூன்று வாரம் முன்பிருந்து வாரம் ஒரு நாள், கச்சேரி நேர அளவுக்கு நிறுத்தாமல் வாசிக்கிறேன், மறுநாள் முதல் காலப் பாடம் மட்டும். ஆடியிலும் இப்போது ஒன்றரை மணி நேரத்துக்குக் கீழே இறக்குவதில்லை, ஆவணியில் ஏற வேண்டிய படி சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த நாற்காலி இன்னும் மிருதங்கத்துக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.