கிளெய்ம் இல்லை என்று போனில் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வேளச்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் சீட் வரை முங்கியது. தண்ணீர் வடிந்த பிறகும் நான் சாவியைத் தொடவில்லை. டோ வண்டியில்தான் சர்வீஸ் சென்டருக்குப் போனது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து பார்த்தார், போட்டோ எடுத்தார். ஒரு மாதம் கழித்து ஒரு எஸ்எம்எஸ்: கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. காரணம் ஒரு வரிகூட இல்லை.

போன் போட்டேன். முதலில் பேசியவர் தகவல் தாமதம் என்றார். அடுத்த வாரம் இன்னொருவர் ஆவணம் போதவில்லை என்றார். மூன்றாமவர், "தண்ணீர்ல நிக்கும்போதே ஸ்டார்ட் பண்ணியிருக்கீங்க சார், அதுக்கு பாலிசில கவர் கிடையாது" என்றார். ஆளுக்கொரு காரணம்! எழுத்தில் எதுவும் இல்லாததால்தான் இப்படி மாற்றிக்கொண்டே போக முடிகிறது. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னால் வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று 2019இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றே கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். பாலிசியின் எந்த ஷரத்தின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள், சர்வேயர் அறிக்கையின் நகல் வேண்டும், கம்பெனி அனுப்பிய விசாரணை அதிகாரியின் அறிக்கையும் அவர் வாங்கிய வாக்குமூலங்களும் வேண்டும் என்று கேட்டேன். சர்வேயர் அறிக்கையைக் கேட்டால் தர வேண்டும் என்பது இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் விதி. அதையும் குறிப்பிட்டேன்.

கடிதம் வந்தது. ஸ்டார்ட் செய்த கதைதான் காரணம். கூடவே வந்த சர்வேயர் அறிக்கையோ வேறு சொன்னது: ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஆனால் கனெக்டிங் ராடு வளையவில்லை. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால் பெரும்பாலும் முதலில் வளைவது அந்த ராடுதான். இழப்பையும் அவர் 1,12,400 ரூபாய் என்று மதிப்பிட்டிருந்தார். இது கம்பெனியின் கையிலேயே இருந்திருக்கிறது!

விசாரணை அறிக்கையை மட்டும் 'உள் ஆவணம்' என்று தர மறுத்தார்கள். இதில் நிறைய பேர் சோர்ந்துவிடுகிறார்கள். சர்வேயர் அறிக்கைபோல அதை உடனே கறக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மறுத்த மெயிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அதையும் இணைத்து, கம்பெனிகள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்க்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுத்தேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் கம்பெனி கைவிரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

அங்கே பதில் மனுவோடு விசாரணை அறிக்கையையும் அவர்களே தாக்கல் செய்தார்கள். முழு ஆதாரமும் ஒரே ஒரு வாக்குமூலம்: "அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன், உரிமையாளர் வண்டியை ஸ்டார்ட் செய்ததைப் பார்த்ததாகக் கூறினார்." கீழே ஒரு கையெழுத்து, போன் நம்பர்கூட இல்லை.

நாங்கள் இருப்பது தனி வீடு. வாட்ச்மேனே கிடையாது. வீட்டு வரி ரசீதை நீட்டினேன். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் சர்வேயர் போட்ட தொகையைத் தருவதாகக் கம்பெனியே ஒத்துக்கொண்டது.