பேஸ்மட்டம் நிரப்ப சரளா, மணலா?

மானூர்ப் பக்கம் ஒரு வீடு. அறைகளின் உள்ளளவு 600 சதுர அடி, நிரப்ப வேண்டிய உயரம் இரண்டரை அடி. கணக்கு 1500 கன அடி, அதாவது 15 யூனிட். "பதினஞ்சு லோடுன்னு சொல்லிரட்டுமா அண்ணாச்சி?" என்றார் கொத்தனார். ஒரு லோடு ஒரு யூனிட் என்பது அவர் கணக்கு.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய மண்ணே குவியலாகக் கிடந்தது. ஆனால் அது கரிசல். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதை உள்ளே தள்ளினால் தரை நிற்காது. மிச்சம் இரண்டு வழி: சரள் மண், இல்லை மணல். ஆற்று மணலைக் கொண்டு பேஸ்மட்டம் நிரப்புகிற காலம் போய்விட்டது, மணல் என்றால் இப்போது கிரஷர் டஸ்ட்தான்.

இரண்டுமே அமுங்கும், எவ்வளவு என்பதுதான் வேறு. ஒரு தகர டின்னில் சரளை 10 அங்குலத்துக்குத் தளர்வாகக் கொட்டினோம். அதையே வெளியே எடுத்து, லேசாக நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்தால் 8 அங்குலம்தான் வந்தது. டஸ்டில் தண்ணீர் விட்டுக் குத்தியதும் 9 அங்குலத்தில் நின்றது. ஈர மணல் லாரியில் உப்பித் தெரியும், முழுக்க நனைந்ததும் படிந்துவிடும். அதனால் மணல் குறையாது என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

பலர் சறுக்குவது இங்கேதான். ஐந்தில் ஒரு பங்கு குறைகிறதா, 20 சதவீதம் கூட்டி 18 யூனிட் வாங்கிவிடுவார்கள். 1800 கன அடி அமுங்கினால் 1440தான். தரை முழுக்க ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளம். கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்: 1500-ஐ 0.8-ஆல் வகுத்தால் 1875, கிட்டத்தட்ட 19 யூனிட் சரள். டஸ்ட் என்றால் 0.9-ஆல் வகுக்க, 1667 கன அடி. லோடு குறைகிறது, ஆனால் ஒவ்வொரு லோடும் விலை கூட.

வேலையிலும் பேதம் உண்டு. சரளை அரை அடி அரை அடியாகப் பரப்பி இடிக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், உள்ளங்கை நனையக் கூடாது, அதுதான் பதம். தண்ணீரைக் கட்டிவிட்டால் சேறாகும், இடிக்கிற திம்ஸு கட்டை துள்ளும். மணல் தண்ணீரிலேயே படியும். ஆனால் சுவர் பச்சையாக இருக்கும்போது குளம்போலத் தேக்கினால் சுவரை வெளியே தள்ளிவிடும்.

என் ஓட்டு கலப்புக்கு: கீழே இரண்டடி சரள், மேலே அரை அடி டஸ்ட். 1200-ஐ 0.8-ஆல் வகுத்தால் 15 யூனிட், 300-ஐ 0.9-ஆல் வகுத்தால் மூன்றே கால் சொச்சம். ஆக, கொத்தனார் சொன்ன பதினைந்து லோடும் சரளுக்கே போயிற்று.

மூலைகளில் கட்டை சரியாக விழாது. அங்கே மட்டும் கம்பியால் குத்தச் சொன்னேன். விட்டுவைத்தால் இரண்டு மழை கழித்து சுவரோர டைல்ஸைத் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கென்று வெறும் சத்தம் கேட்கும்.