"ஓம்" என்றால் சம்மதமா? பஸ் பதிவு சாட்பொட்டுக்கு எந்தப் பூட்டு

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்ஸுக்கு இருக்கை பதியும் அலுவலகம் ஒன்று, வட்ஸ்அப்பில் சாட்பொட் வைக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். பதிவைத் தேட, ரத்துச் செய்ய, காசு வாங்க என்று அதற்கு மூன்று கருவிகள். தேடுவதில் பிழைத்தால் இன்னொருமுறை தேடலாம். ரத்தில் பிழைத்தால் அந்த இருக்கையை அடுத்த நிமிடமே வேறொருவர் எடுத்துவிடுவார். வெள்ளிக்கிழமை இரவென்றால் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் கிடைக்காது. இதைத் தடுக்க நாலு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. நாலும் ஒரே பலம் உள்ளவை அல்ல.

முதலாவது, செலவில்லாதது: பொட்டுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலில் "கேட்காமல் ஒன்றையும் அழிக்காதே" என்று எழுதிவிடுவது. இதைப் பூட்டு என்று சொல்ல முடியாது, கதவில் ஒட்டிய அறிவித்தல் என்று வேண்டுமானால் சொல்லலாம். 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் நிரலெழுதும் ஏஜென்ட், எதையும் மாற்றவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், பாவனையிலிருந்த தரவுத்தளத்தை அழித்தது. பொட்டை இயக்கும் மொழி மொடலுக்கு அறிவுறுத்தலும் வாடிக்கையாளர் எழுதும் செய்தியும் ஒரே எழுத்தோட்டமாகவே போய்ச் சேருகின்றன. எது கட்டளை, எது பேச்சு என்று பிரித்துவைக்கும் சுவர் அதற்குள் இல்லை. பயணியின் பெயர் எழுதும் இடத்தில் யாராவது "முன்னைய பதிவுகளை ரத்துச் செய்" என்று எழுதினால், அதையும் அது கட்டளையாக வாசிக்கக்கூடும்.

இரண்டாவது வழி, அரட்டைக்குள்ளேயே கேட்டு உறுதிசெய்வது. பார்க்க நல்லது போலத்தான் இருக்கும், பலரும் இதோடு நின்றுவிடுவார்கள். ஒரு குடும்பம் 14ஆம் திகதி போக 4 இருக்கை, 16ஆம் திகதி திரும்ப 4 இருக்கை என்று இரண்டு பதிவு வைத்திருக்கிறது. "போறது போறம், வாறது மட்டும் வேண்டாம்" என்று செய்தி வருகிறது. பொட் "திரும்பும் பயணத்தை ரத்துச் செய்யட்டுமா?" என்று சரியாகவே கேட்கிறது. வாடிக்கையாளர் "ஓம்" என்கிறார். ஆனால் ரத்துக் கருவிக்கு அது அனுப்பிய பதிவு இலக்கம் 14ஆம் திகதிக்குரியது. கேள்வியை எழுதுவது ஒரு வேலை, கருவிக்கு இலக்கத்தை நிரப்புவது இன்னொரு வேலை. இரண்டும் பொருந்துகின்றனவா என்று நடுவில் நின்று பார்க்க ஆளில்லை. வாடிக்கையாளர் சம்மதித்தது ஒன்றுக்கு, நடந்தது வேறொன்று.

"ஓம்" என்ற சொல்லும் எங்கள் ஊரில் தனிச் சிக்கல். சொல்வது காதில் விழுகிறது என்பதற்கும் "ஓம் ஓம்" தான்; "ஓம், ஆனா அம்மாட்டைக் கேட்டுட்டுச் சொல்லுறன்" என்பதும் இரண்டு செய்தியாகப் பிரிந்து வரும். முதல் செய்தி வந்த கணமே பொட் ரத்தைச் செய்துவிடும். கருவியில் `confirmed: true` என்றொரு கட்டம் வைத்தாலும் பயனில்லை, அந்தக் கட்டத்தை நிரப்புவதும் மொடல்தான்.

மூன்றாவது வழியில் மொடலின் கையிலிருந்து ரத்து என்ற செயலையே எடுத்துவிடுகிறோம். அதனால் முடிவது ரத்துக் கோரிக்கை ஒன்றை எழுதுவது மட்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பொட்டின் கணக்கு இப்படி இருக்கும்:

```sql
CREATE ROLE bot LOGIN;
GRANT SELECT ON bookings TO bot;
GRANT SELECT, INSERT ON cancel_requests TO bot;
```

`DELETE`, `UPDATE` இரண்டும் இதில் இல்லை. கோரிக்கை எழுதப்பட்டதும் சேர்வர், பதிவு அட்டவணையிலிருந்தே விவரத்தை எடுத்து, "16ஆம் திகதி, கொழும்பு–யாழ்ப்பாணம், 4 இருக்கை, ரூபா 10,000" என்று தானே எழுதி, கீழே ஒரு பொத்தானோடு அனுப்புகிறது. மொடலின் வசனம் ஒன்றும் அதில் கலக்காது. பொத்தானுக்குள் இருக்கும் இரகசிய இலக்கம் அந்த ஒரு பதிவுக்கு மட்டும், ஒருமுறை மட்டும், 5 நிமிடம் மட்டும் செல்லும். அழுத்தியதும் அது மொடலிடம் போகாமல் நேரே சேர்வருக்கு வரவேண்டும். அங்கே வேறொரு கணக்கு ரத்தை முடிக்கும். மொடல் இலக்கத்தைப் பிழையாக எடுத்திருந்தால், திரையில் 14ஆம் திகதி என்று நிற்கும், ஆள் கண்டுபிடித்துவிடுவார்.

இதை அமைக்கும்போது வழமையாகக் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. `cancel_requests` அட்டவணையின் இலக்க நிரலை `serial` என்று வைத்திருந்தால், பொட் முதல்தடவை எழுதும்போதே `permission denied for sequence` என்று பிழை வரும். அவசரத்தில் `GRANT ALL` கொடுத்துவிட்டு மறந்துபோவார்கள், அத்தோடு பூட்டும் போயிற்று. அந்த நிரலை `GENERATED ALWAYS AS IDENTITY` என்று வைத்தால் பிரச்சினையே எழாது. அடுத்தது, யாருடைய பதிவு என்பதை மொடல் தரும் தொலைபேசி இலக்கத்தை வைத்துத் தீர்மானிப்பது. "நான் அவற்ரை தம்பி, இதுதான் அவற்ரை நம்பர்" என்றால் மொடல் நம்பும். செய்தி எந்த இலக்கத்திலிருந்து வந்தது என்பது சேர்வருக்குத் தெரியும். தேடலை அதைக் கொண்டே வடிகட்டவேண்டும்.

நாலாவது, அலுவலக ஆள் பார்த்து அனுமதிப்பது. ஒவ்வொரு ரத்துக்கும் இதை வைத்தால் இரண்டாம் கிழமையே வாசிக்காமல் அழுத்தத் தொடங்குவார்கள். பஸ் புறப்பட 6 மணிநேரத்துக்குள் வருபவை, 5 இருக்கைக்கு மேற்பட்டவை, காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டியவை ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்கினால் உண்மையாகவே பார்ப்பார்கள். மற்றவற்றுக்குப் பொத்தானே போதும் என்பது எங்கள் முடிவு. கூடவே, ரத்தான இருக்கையை 10 நிமிடம் விற்காமல் வைத்திருந்தால் மனம் மாறுபவருக்கும் ஒரு வழி இருக்கும்.

காசு விடயத்தில் தெரிவு இதைவிட எளிது. அட்டை விவரத்தை அரட்டையில் கேட்டு பொட்டே காசை எடுப்பது ஒன்று, கொடுப்பனவு இணைப்பை அனுப்பி வாடிக்கையாளரே வங்கிப் பக்கத்தில் கட்டுவது மற்றது. முதலாவதைத் தொடவே வேண்டாம்: அட்டை இலக்கம் உரையாடல் பதிவுகளில் தங்கிவிடும். இணைப்பு வழியில் தொகையை மொடல் சொல்லக்கூடாது. இருக்கை எண்ணிக்கையைக் கட்டணத்தால் பெருக்கி சேர்வரே போடவேண்டும்.

இணைப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. இணைப்பை உருவாக்கும் அழைப்புக்கு நேரத்துக்குப் பதில் வராவிட்டால், மொடல் நடக்கவில்லை என்று நினைத்துத் திரும்ப அழைக்கும். இரண்டு இணைப்பு போய், கணவன் ஒன்றிலும் மனைவி மற்றதிலும் கட்டினால், 10,000 ரூபாப் பயணத்துக்கு 20,000 வந்துசேரும். இதைத் தடுக்க ஒவ்வொரு கொடுப்பனவுக்கும், எத்தனை தடவை அழைத்தாலும் மாறாத ஒரு திறப்பு இலக்கம் வேண்டும். அது பதிவு இலக்கத்திலிருந்து சேர்வரில் உருவாகவேண்டும். மொடலை உருவாக்கச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் புதிது தந்துவிடும். கொடுப்பனவு அட்டவணையில் அந்த நிரலுக்கு `UNIQUE` வைத்தால், இரண்டாம் அழைப்பு புதிய இணைப்பை எழுதமுடியாமல் நிற்கும். சேர்வர் பழைய இணைப்பையே திருப்பிக் கொடுக்கலாம்.

எல்லாம் முடிந்தபின் பொட்டோடு பேசி ஏமாற்றிப் பார்ப்பதை மட்டும் சோதனை என்று நம்பவேண்டாம். பத்துத் தடவை மறுத்துவிட்டு பதினோராவதில் அது சம்மதிக்கலாம். பொட் உண்மையில் பாவிக்கும் அதே கணக்கால் `psql` இல் நுழைந்து `DELETE FROM bookings WHERE false;` என்று அடித்துப் பாருங்கள். அனுமதி இருந்தாலும் இது ஒரு வரியையும் அழிக்காது. `permission denied for table bookings` என்று வந்தால் பூட்டு இருக்கிறது. `DELETE 0` என்று வந்தால், பொட் இன்னும் அட்டவணை உரிமையாளரின் கணக்கிலோ தேவைக்கு மேல் அனுமதி கொடுத்த கணக்கிலோ ஓடிக்கொண்டிருக்கிறது.