ஐ.டி.ஐ. சான்றிதழா, தகாமோல் தேர்வா, 6ஜி டெஸ்ட்டா? மும்பையிலிருந்து சவூதி செல்லும் வெல்டருக்கு ஓர் ஒப்பீடு

தாராவி, ஆன்டாப் ஹில், சீட்டா கேம்ப் பகுதிகளில் வசித்துக்கொண்டு தலோஜா, துர்பே பட்டறைகளில் வேலை செய்யும் தமிழ் வெல்டர்கள் சவூதி வேலைக்கு முயலும்போது, மூன்று தாள்களைப் பற்றி ஒருவருக்கொருவர் முரணான செய்திகளைக் கேட்கிறார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தால் போதும் என்கிறார் ஒரு ஏஜென்ட். தகாமோல் தேறாமல் விசா கிடைக்காது என்கிறார் இன்னொருவர். கைத்திறன் இருந்தால் 6ஜி என்ற குழாய் வெல்டிங் டெஸ்ட் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்கிறார் ஊருக்கு வந்திருக்கும் மாமா. மூன்று கூற்றிலும் பாதி உண்மை உண்டு. இந்த மூன்று தாள்களையும் கேட்பவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்பதே குழப்பத்துக்குக் காரணம்.

ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறியவருக்கு தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கிறது. இதற்குக் காலாவதி இல்லை. பதிவெண்ணை வைத்து அரசு இணையதளத்தில் சரிபார்க்கவும் முடியும். ஆள் தேர்வு செய்யும் நிறுவனம் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை முதல் சுற்றில் கழிப்பதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் படித்து முடித்துப் பத்தாண்டு காலம் ராடையே தொடாதவரிடமும் இதே தாள்தான் இருக்கும். அவருடைய கை இன்று எப்படி ஓடும் என்பதை அது சொல்லாது. பணம் வாங்கிக்கொண்டு "ரெடிமேட்" சான்றிதழ் தருகிறேன் என்பவர்களும் இதைத்தான் விற்கிறார்கள்; பதிவெண் தளத்தில் வராவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்பதோடு, விசா கட்டத்தில் அகப்பட்டால் விண்ணப்பமே கெட்டுப்போகும்.

தகாமோல் என்று நம்மவர்கள் அழைப்பது சவூதி மனிதவள அமைச்சகத்தின் திறன் சரிபார்ப்புத் திட்டத்தை. 2022 டிசம்பரில் இந்தியாவில் எலக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர், ஏ.சி. மெக்கானிக், ஆட்டோ எலக்ட்ரீசியன் ஆகிய ஐந்து தொழில்களுடன் தொடங்கிய இத்திட்டம் பின்னர் பல தொழில்களுக்கு விரிந்தது. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. இதைக் கேட்பது முதலாளியை விட அந்நாட்டு அரசு என்பதால், விசாவில் எந்தத் தொழிலின் பெயர் இருக்கிறதோ அதே தொழிலில் தேறியிருக்க வேண்டும். ஃபிட்டர் விசாவுக்கு வெல்டர் சான்று உதவாது. மற்றபடி, இது அடிப்படைத் திறனை மட்டுமே சோதிக்கிறது. இதைக் காட்டி யாரும் கூடுதல் சம்பளம் பேச முடியாது.

சம்பளத்தைத் தீர்மானிப்பது மூன்றாவதான 6ஜி டெஸ்ட்தான். அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

சவூதியின் ஜுபைலில் குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்து பைப் ஸ்பூல் செய்யும் ஓர் ஆலைக்கு டிக், ஆர்க் என்ற இரு வெல்டிங் முறைகளும் தெரிந்த வெல்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆலை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் நெறிமுறையில் ஒன்பதாம் பிரிவைப் பின்பற்றுகிறது. டெஸ்ட்டில் குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்துவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும்; மேலிருந்தும் பக்கவாட்டிலும் தலைக்கு மேலாகவும் ஒரே ஜாயின்ட்டில் பற்றவைக்க வேண்டியிருக்கும். உள் அடுக்கான ரூட்டை டிக்கில் போட்டு, நிரப்புதலையும் மேல் அடுக்கான கேப்பையும் ஆர்க்கில் 7018 ராடில் முடிப்பது வழக்கம். 6ஜி தேறியவர் எல்லா நிலைகளிலும் வெல்ட் செய்யத் தகுதி பெறுகிறார் என்பதால்தான் ஆலைகள் இதைக் கேட்கின்றன.

ஆனால் '6ஜி பாஸ்' என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான். எந்த அளவுக் குழாயில் தேறினார் என்பது முக்கியம். ஆறு இஞ்ச் குழாயில் தேறியவர் வெளிவிட்டம் 73 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள குழாய்களை மட்டுமே தொடலாம். இரண்டு இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ.; அதில் தேறியவருக்கு 25 மி.மீ. வரை கீழேயும், மேலே எந்த விட்டத்துக்கும் அனுமதி உண்டு. கனத்துக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது: 13 மி.மீ.க்குக் குறைவாகப் போட்ட உலோகத்தின் இரண்டு மடங்கு வரைதான் தகுதி, அதுவும் ஒவ்வொரு வெல்டிங் முறைக்கும் தனித்தனியாக. ஏறத்தாழ 11 மி.மீ. சுவர் உள்ள இரண்டு இஞ்ச் கனக் குழாயில் டிக்கில் 3 மி.மீ.யும் ஆர்க்கில் 8 மி.மீ.யும் போட்டவர், டிக்கில் 6 மி.மீ. வரையிலும் ஆர்க்கில் 16 மி.மீ. வரையிலும் தகுதி பெறுகிறார். சின்னக் குழாயில் கனமான சுவரை வைத்து டெஸ்ட் எடுக்கும் தந்திரம் இதனால்தான். ஒரே துண்டில் ஆலைக்குத் தேவையான பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

தோல்வி பெரும்பாலும் ரூட்டின் அடிப்பகுதியில் நேர்கிறது. தலைக்கு மேல் போடும் இடத்தில் உருகிய உலோகம் கீழே இழுபடுவதால் குழாயின் உட்பக்கம் பள்ளம் விழுகிறது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தவுடனே தெரிந்துவிடும். ராடை நிறுத்தித் தொடங்கிய இடங்களில் உலோகம் உருகி ஒன்றிணையும் ஃப்யூஷன் குறைவதும் வழக்கமான பிழைதான். கண்பார்வையில் தப்பினாலும் எக்ஸ்ரேயிலோ வளைவுச் சோதனையிலோ அகப்படும். இந்தக் குழாய்க்கு வளைவுச் சோதனை என்றால் நான்கு பட்டைகளை வெட்டி வளைப்பார்கள். திறந்த பிளவு எந்தத் திசையிலும் 3 மி.மீ.யைத் தாண்டினால் நிராகரிப்புதான்.

இனி, முதலாளி ஏன் தலோஜா கம்பெனி கொடுத்த 6ஜி தாளை ஏற்பதில்லை? அவநம்பிக்கை ஒரு காரணம்தான். டெஸ்ட்டில் ஒருவரும் விமானத்தில் இன்னொருவரும் ஏறிய கதைகள் இத்தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முக்கியக் காரணம் நெறிமுறையிலேயே இருக்கிறது. வெல்டரைச் சோதித்துத் தகுதியளிக்கும் பொறுப்பை அது அவரை வேலைக்கு வைக்கும் நிறுவனத்தின் மேல் சுமத்துகிறது. பொதுவாக ஒரு கம்பெனியின் தகுதித்தாள் அடுத்த கம்பெனிக்குச் செல்லாது. தகுதியற்ற கை போட்ட ஜாயின்ட்டை ஆய்வாளர் கண்டுபிடித்தால் வெட்டி மறுபடி போடும் செலவு ஆலையுடையது. மேலும், ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் வெல்ட் செய்யாமலிருந்தால் அந்தத் தகுதி தானாகவே காலாவதியாகிவிடும்.

ஆகவே குர்லாவிலோ அந்தேரியிலோ டிரேட் டெஸ்ட் சென்டரில் தேறுவது பெரும்பாலும் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டுமே. ஆலையில் இறங்கியதும் மறுபடி டெஸ்ட் வைப்பார்கள்.

என் கணிப்பில், ஐந்தாண்டு பட்டறை அனுபவம் உள்ள, ஐ.டி.ஐ. படிக்காத ஒருவர் ஓராண்டை ஒதுக்கி அதைப் படிக்கப் போவதை விட, இரண்டு இஞ்ச் குழாயில் பயிற்சிக்குப் பணம் செலவிடுவது மேல். தகாமோலுக்கு வேலை உறுதியானதும், விசாவில் வரப்போகும் தொழிற்பெயர் தெரிந்த பிறகு பதிவு செய்தால் போதும். பள்ளி முடித்த இருபது வயதுப் பையனுக்கு இது பொருந்தாது. அனுபவம் இல்லாத அவனுடைய விண்ணப்பத்தை ஐ.டி.ஐ. சான்று இல்லாமல் எவரும் பார்க்க மாட்டார்கள்.

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம் என்பது சட்டம். பயிற்சிக்கும் டெஸ்ட்டுக்கும் தனிக் கணக்கு சொன்னால் ரசீது கேட்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் தேடிப் பார்க்க வேண்டும்: ஆலையில் வைக்கும் மறு டெஸ்ட்டில் தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டா, இல்லையென்றால் ஹெல்பர் சம்பளத்துக்கு இறக்குவார்களா, திருப்பி அனுப்பினால் டிக்கெட் யாருடைய செலவு? இதற்கு எழுத்தில் பதில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அதைச் சேர்த்துத் தரும்படி ஏஜென்ட்டிடம் கேட்பது வெல்டரின் உரிமை.