ஹோர்டிங் போட்டோவில் புது டிசைனை உட்கார வைப்பது: ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் முறையோடு பல வருட அனுபவம்

திருப்பூரில் ஹோர்டிங், கடைப் போர்டு டிசைன்தான் என் தொழில். பிளக்ஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் எல்லா கிளையண்டும் கேட்கிற ஒன்று உண்டு: "அந்த இடத்துல நம்ம விளம்பரம் எப்படித் தெரியும்னு ஒரு போட்டோ போட்டுக் காட்டுங்க." இப்போது அங்கே வேறு யாருடைய விளம்பரமோ இருக்கும். அதை எடுத்துவிட்டு நம் டிசைனை வைக்க வேண்டும். பார்த்தால் அங்கேயே மாட்டி எடுத்த படம் மாதிரி இருக்க வேண்டும்.

இதற்கு மூன்று வழிகளை நெடுநாள் பயன்படுத்தியிருக்கிறேன். போட்டோஷாப்பின் Vanishing Point வடிகட்டி கோணத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒட்டி முடித்ததும் டிசைன் வெறும் பிக்சலாகிவிடும். கிளையண்ட் போன் நம்பரை மாற்றச் சொன்னால் திரும்பவும் உள்ளே போய் ஒட்ட வேண்டும். GIMP 2.10 வைத்தும் செய்தேன். அதன் பெர்ஸ்பெக்டிவ் கருவி கணக்கில் துல்லியமானது, இலவசம், ஆனால் அங்கேயும் இதே சிக்கல்தான். கடைசியில் நிலைத்தது போட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். லேயரின் சிறுபடத்தை இரட்டைச் சொடுக்கினால் டிசைன் .psb கோப்பாக நேராகத் திறக்கும். மாற்றிச் சேமித்தால், சாய்ந்து நிற்கும் போர்டில் தானாக மாறிவிடும். ஒரு ஹோர்டிங்குக்கு நாலு டிசைன் காட்ட வேண்டிய தொழிலில் இது பெரிய விடுதலை.

ஒரு வேலையை முழுதாகச் சொல்கிறேன். சேலம்-கோவை நெடுஞ்சாலையில் பெருமாநல்லூர் பக்கம் 40 அடி அகலம், 20 அடி உயரமுள்ள போர்டு. சாயங்கால வெயிலில் போனில் எடுத்த 4000 × 3000 பிக்சல் படம். சாலையின் ஓரத்திலிருந்து எடுத்ததால் போர்டின் இடது விளிம்பு நமக்குப் பக்கத்திலும் வலது விளிம்பு தள்ளியும் இருக்கிறது. இடது விளிம்பின் உயரம் 640 பிக்சல், வலது 470, நடுவே அகலம் 1050.

முதலில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டின் அளவு. அது போர்டின் உண்மையான விகிதத்தில், அதாவது 2:1 ஆக இருக்க வேண்டும். படத்தில் தெரியும் கட்டம் 1050க்கு 640 என்று பார்த்து அந்த அளவில் உருவாக்கினால், மூலைகளை இழுத்து வைத்த பிறகு எழுத்துகள் அகலவாக்கில் இழுபட்டுத் தெரியும். இங்கே 2400 × 1200 வைத்தேன். ஓர் அடிக்கு 60 பிக்சல். படத்தில் பக்கத்து விளிம்பிலேயே ஓர் அடி 32 பிக்சல்தான் என்பதால், சுமார் இரண்டு மடங்கு போதும். அச்சுக்குப் போகும் பெரிய கோப்பை அப்படியே உள்ளே போட்டால், சிறுக்கும்போது மெல்லிய கோடுகள் உடைந்து மினுங்கும்.

பிறகு Ctrl+T, வலது சொடுக்கில் Distort, நான்கு மூலைகளையும் போர்டின் மூலைகளில் வைக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் Warp எடுப்பார்கள். விளிம்புகள் சரியாகப் பொருந்தும், ஆனால் உள்ளே இருப்பது தவறாகிவிடும். காரணம் இது: சாய்ந்து தெரியும் போர்டின் நடுக்கோடு படத்தில் நடுவில் விழாது. பக்கத்துப் பாதி அதிக இடம் எடுக்கும். இந்தப் போர்டில் 1050ஐ 640க்கு 470 என்ற விகிதத்தில் பிரித்தால் பக்கத்துப் பாதி 605 பிக்சல், தூரத்துப் பாதி 445. போர்டின் மையம் இடது விளிம்பிலிருந்து 605இல் இருக்க வேண்டும், 525இல் அல்ல. Distort இந்தக் கணக்கைத் தானே செய்யும். Warp செய்யாது. கணக்குப் போடாமலே சோதிக்கலாம்: போர்டின் எதிரெதிர் மூலைகளை இரண்டு கோடுகளால் இணையுங்கள். அவை வெட்டும் புள்ளியில் டிசைனின் மையம் இருந்தால் கோணம் சரி.

போனின் அகலக் கோண லென்ஸில் எடுத்த படமென்றால் போர்டின் மேல் விளிம்பு லேசாக வில் போல வளைந்திருக்கும். அப்போது மூலை நான்கும் சரியாக நின்றாலும் நடுவில் பழைய விளம்பரம் ஒரு கீற்றாக எட்டிப் பார்க்கும். முதலிலேயே Lens Correction போட்டு வளைவை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் நல்லது.

கோணம் பத்து நிமிட வேலை. படம் நம்பும்படி இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது வெளிச்சம்தான். இத்தனை வருடம் இதைப் பயன்படுத்தியதில் என் உறுதியான கருத்து இது. நம் டிசைனில் வெள்ளை என்பது 255, 255, 255. கருப்பு என்பது மூன்றும் பூஜ்யம். வெளியே நிற்கும் பிளக்ஸில் இந்த இரண்டும் எப்போதும் கிடையாது. வெள்ளை வெயிலின் நிறத்தை வாங்கியிருக்கும். பிளக்ஸின் மேற்பரப்பு பளபளப்பானது, அதில் வானம் படிவதாலும் நடுவே தூசிக்காற்று இருப்பதாலும் கருப்பு வெளிறி, கொஞ்சம் நீலமாகத் தெரியும். இதைக் கவனிக்காமல் வைத்த டிசைன் கண்ணைப் பறித்துக்கொண்டு தனியாக நிற்கும். அப்புறம் அதன் ஒளிபுகாத் தன்மையைக் குறைத்துப் பார்ப்பார்கள், அடியிலிருக்கும் பழைய விளம்பரம் பேய் மாதிரித் தெரியும்.

இந்த அளவுகளைப் பழைய விளம்பரமே நமக்குச் சொல்லிவிடும். ஐட்ராப்பர் கருவியை 5 by 5 Average என்று வைத்துக்கொண்டு தடித்த வெள்ளை எழுத்தின் நடுவில் வைத்தேன். இடது ஓரத்தில் சிவப்பு 226, பச்சை 208, நீலம் 178. தடித்த கருப்பு எழுத்தில் 38, 40, 46. மெல்லிய எழுத்தில் எடுக்கக் கூடாது, அங்கே பக்கத்து நிறம் கலந்திருக்கும். பழைய விளம்பரத்தில் வெள்ளையென்று நாம் நினைப்பது உண்மையில் சந்தன நிறமாக அடித்ததாகவும் இருக்கலாம். அதனால் இரண்டு மூன்று வெள்ளைப் பகுதிகளைப் பார்த்து ஒப்பிடுவேன். பிளக்ஸின் ஓரத்தில் அச்சாகாமல் விட்ட வெள்ளை மடிப்பு தெரிந்தால் அதுதான் நம்பகமானது.

இனி ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டின் மேல் ஒரு Levels லேயர், அதோடு மட்டும் சேரும்படி கிளிப் செய்தது. ஒவ்வொரு சேனலிலும் Output Levels மட்டும் மாற்ற வேண்டும்: சிவப்பு 38 முதல் 226 வரை, பச்சை 40 முதல் 208, நீலம் 46 முதல் 178. அவ்வளவுதான். இதை டிசைன் கோப்புக்குள் செய்யாமல் வெளியே வைத்தால், எந்த டிசைன் உள்ளே வந்தாலும் அந்தச் சாயங்காலத்தின் நிறத்தைத் தானாக வாங்கிக்கொள்ளும்.

போர்டு முழுக்க ஒரே வெளிச்சமும் இருக்காது. வலது ஓரத்து வெள்ளையை அளந்தால் 205, 190, 165. இடதைவிட ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு. Multiply முறையில் ஒரு கிரேடியன்ட் லேயர் போட்டேன்: இடதில் 255, வலதில் 232. கண்ணுக்குத் தனியாகத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் அந்த லேயரை அணைத்துப் பார்த்தால் போர்டு காகிதம் ஒட்டியது போல் தட்டையாகிவிடும்.

மரக்கிளையின் நிழல் போர்டில் விழுந்திருந்தால் இந்த முறை தடுமாறும். பழைய விளம்பரம் முழுக்க ஒரு நடிகையின் முகமாகவோ நகைப் படமாகவோ இருந்தால், எது நிழல், எது அச்சு என்று பிரிக்க முடியாது. மென்மையான பிரஷ்ஷால் கையால் வரைவது ஒரு வழி, ஆனால் சுமாராகத்தான் வரும். அதனால் இப்போதெல்லாம் முன்கூட்டியே சைட் ஆட்களிடம் சொல்லி வைக்கிறேன்: விளம்பரம் இறங்கி, "விளம்பரம் செய்ய அணுகவும்" என்று நம்பர் மட்டும் போட்ட வெள்ளை பிளக்ஸ் தொங்கும் நாளில் ஒரு படம் எடுத்துவிடுங்கள் என்று. அந்த வெள்ளை பிளக்ஸில் நிழல், சுருக்கம், கயிறு கட்டிய இடத்தின் இழுப்பு எல்லாம் அப்படியே பதிந்திருக்கும். எழுத்தை அழித்துவிட்டு, அந்தப் பகுதியை டிசைனின் மேல் Multiply ஆக வைத்தால் அளவெடுக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். கருப்பை மட்டும் Levels இல் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும்.

போர்டுக்கு முன்னால் போகும் மின்கம்பியை மாஸ்க் போட்டுக் காப்பாற்றப் பார்ப்பது வீண். இரண்டு பிக்சல் தடிமன்தான் இருக்கும், அதன் ஓரங்களில் பழைய விளம்பரத்தின் நிறம் கலந்திருக்கும். கம்பியின் நிறத்தை வானத்துக்கு எதிரே தெரியும் பகுதியில் எடுத்து, புது லேயரில் அதே தடிமனில் மீண்டும் வரைந்துவிடுவது சுத்தமானது. தூணுக்கும் தடித்த கிளைக்கும் மாஸ்க் போதும்.

கடைசியாகக் கூர்மை. டிசைன் கணினியில் பிறந்தது, படம் லென்ஸ் வழியாக வந்தது. அதே தூரத்திலிருக்கும் இன்னொரு போர்டின் எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, அதன் ஓரம் எத்தனை பிக்சலில் மங்குகிறது என்று பார்ப்பேன். இந்தப் படத்தில் Gaussian Blur 0.8 பிக்சலும், ஒரே நிற இரைச்சலாக Add Noise 2 சதவீதமும் பொருந்தின. இரண்டையும் ஸ்மார்ட் ஃபில்டராகப் போட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இரவுப் படங்களில் இந்த முறை பாதிதான் உதவும். போர்டின் அடியிலிருந்து ஃபிளட் லைட் அடிக்கும் இடத்தில் வெள்ளை 255ஐத் தொட்டு வெடித்திருக்கும். Multiply இருட்டாக்கத்தான் செய்யும், அந்த வெடிப்பைக் கொண்டுவராது. அங்கே மட்டும் Screen முறையில் விளக்கின் நிறத்தில் ஒரு மென்மையான திட்டு வைத்து டிசைனை வெளுக்க வேண்டும். கிளையண்டுக்குத் தன் லோகோ அந்த இடத்தில் வெளுத்துத் தெரிவது பிடிக்காது. ஆனால் நேரில் அப்படித்தான் தெரியப் போகிறது, அதனால் நான் அப்படியே காட்டுகிறேன். லோகோவை மேலே ஏற்றலாம் என்று அவர்களே சொல்வார்கள். பெருமாநல்லூர் போர்டிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. டிசைனில் கீழே மூன்று கிளைகளின் முகவரிகள் இருந்தன. படத்தில் அவை வெறும் சாம்பல் கோடுகளாகத் தெரிந்தன. துணிக்கடைக்காரர் பார்த்தவுடன் முகவரிகளை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரையும் ஒரு நம்பரையும் பெரிதாக்கச் சொன்னார். .psb கோப்பைத் திறந்து மாற்றி அங்கேயே காட்டினேன்.

நிறத்திலும் இதே நேர்மை வேண்டும். திரையில் ஒளிரும் கிளிப்பச்சையை பிளக்ஸ் மை தராது. டிசைனை CMYK ஆக மாற்றிப் பார்த்துவிட்டு, அந்த மங்கிய நிறத்தோடுதான் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுக்குள் வைக்கிறேன். அப்புறம், அனுப்பும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் "மாதிரிப் படம்" என்று எழுதிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாறினால், விளம்பரம் மாட்டியாகிவிட்டது என்று நினைத்துப் பணம் விடுவிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.