"அளவில்லா டேட்டா"ன்னு விளம்பரம் கேட்டா உடனே ரீலோட் பண்ணிடாதீங்க

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கறவங்க கொஞ்சம் படிங்க. போன மாசம் பாசார் மாலாம்ல ஒரு போன் கடை ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டே இருந்தான், "35 வெள்ளி, அளவில்லா டேட்டா, முழு மாசம்"னு. நானும் நம்பி வாங்கிட்டேன்.

முதல் ரெண்டு நாள் நல்லாத்தான் போச்சு. மூணாவது நாள் ராத்திரி 8 மணிக்கு மகளுக்கு ஆன்லைன் டியூஷன், டீச்சர் முகம் அப்படியே உறைஞ்சு நிக்குது, சத்தம் மட்டும் விட்டு விட்டு வருது. தோட்டத்துல இருக்கறவங்களுக்கு என்ன தோணும், டவர் சரியில்லன்னுதானே, நானும் ஒரு வாரம் டவரையே திட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம்தான் கவனிச்சேன், ராத்திரி 12 மணி தாண்டினா லைன் பறக்குது. டவர் கோளாறுன்னா ஸ்பீட் டெஸ்ட்ல வேகம் ஏறி இறங்கும், எனக்கு 4ஜி ஃபுல்லா காட்டுது ஆனா டியூஷன் நேரத்துல எப்ப பார்த்தாலும் 0.5 எம்பிபிஎஸ் பக்கமே நிக்குது. அது டவர் இல்ல, வேணும்னே குறைச்சு வச்சது.

ஆப்ல பேக் விவரத்தைத் தேடிப் பிடிச்சுப் பார்த்தா, ஒரு நாளைக்கு வேகமா கிடைக்கறது 1 ஜிபிதான், முடிஞ்சா 512 கேபிபிஎஸ். சாயங்காலமே வீட்டுக்காரர் ஹாட்ஸ்பாட்ல ரெண்டு மணி நேரம் வீடியோ பார்த்தா 1 ஜிபி காலி, மகளுக்கு என்ன மிச்சம் இருக்கும்? 512னா நொடிக்கு 64 கேபிதான், 3 எம்பி போட்டோ ஒன்னு இறங்கவே முக்கா நிமிஷம். வாட்ஸாப் மெசேஜ் போகும், வீடியோ கிளாஸ் நடக்காது. அளவில்லைங்கறது பொய்யில்லதான், ஆனா அளவில்லாம கிடைக்கறது இந்த ஆமை வேகம்தான்.

இன்னொன்னு, "முழு மாசம்"னா 30 நாள். 1ஆம் தேதி காலைல 10 மணிக்கு வாங்கினா 31ஆம் தேதி காலைல 10 மணிக்கு கட், 31 நாள் இருக்கற மாசத்துல கடைசி நாள் கையில ஒன்னுமில்ல. தானா புதுப்பிக்கறத ஆஃப் பண்ணாம விட்டதால கிரெடிட்ல இருந்து இன்னொரு 35ஐயும் எடுத்துட்டான், எனக்கு அதுதான் ரொம்ப எரிச்சல்.

கடைக்கே போய் அந்தத் தம்பிகிட்ட ஒரு தாளை நீட்டினேன், இதை ஸ்பீக்கர்ல படின்னு. "35 வெள்ளி. வாங்கின நேரத்துல இருந்து 30 நாள், அப்புறம் தானா புதுப்பிக்கும், வேணாம்னா ஆஃப் பண்ணுங்க. தினம் 1 ஜிபி வேகமா. முடிஞ்சா ராத்திரி 12 வரைக்கும் 512 கேபிபிஎஸ், மெசேஜ் போகும், வீடியோ நிக்கும். மிச்சம் மறுநாளைக்கு சேராது." நிறுத்தி நிதானமா படிச்சாலும் அரை நிமிஷம் ஆகாது.

தம்பி படிச்சுப் பார்த்துட்டு சிரிக்கறான், "அக்கா, இப்படிச் சொன்னா யாரு வாங்குவா?"

நான் கம்பெனிக்கு புகார் போட்டிருக்கேன், அவங்க சரியா பதில் சொல்லலன்னா அடுத்து அரசாங்கத்தோட தொடர்பு ஆணையம் எம்சிஎம்சிகிட்டதான். நீங்க வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரன்கிட்ட மூணே கேள்வி கேளுங்க, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, முடிஞ்சா எந்த வேகம்னு. மூணாவதுக்கு "ஸ்லோவாகும் லா"ன்னு மட்டும் சொன்னா, நம்பர் சொல்ற வரைக்கும் காசை எடுக்காதீங்க.