சான்றிதழ் தேதியா, பிறந்த தேதியா: ஜாதகத்துக்கு எது, எண் கணிதத்துக்கு எது?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் பிறந்த தேதியை மே, ஜூனுக்குத் தள்ளி எழுதியது தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடந்ததுதான். அந்தத் தேதியே பிறகு பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறி நிலைத்துவிடும். ஜாதகமோ பெயர் எண்ணோ பார்க்கும் நாளில்தான் எந்தத் தேதியைக் கொடுப்பது என்ற கேள்வி வரும்.

உண்மையில் 16.9.1978 சனிக்கிழமை பகல் 12 மணிக்குப் பிறந்த ஒருவருக்குச் சான்றிதழில் 1.6.1978 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிறந்த நாளில் சந்திரன் கும்பத்தில், பூரட்டாதியில் இருக்கிறார். குரு கடகத்தில் உச்சம், சூரியன் சிம்மத்தில். சான்றிதழ் தேதிக்கு அதே நேரத்தைப் போட்டால் ராசி மீனமாகிறது, குரு மிதுனத்துக்குப் பின்வாங்கி உச்சத்தை இழக்கிறார், சூரியன் ரிஷபத்துக்குப் போகிறார். சூரியன் மாறினால் ஒரே மணி நேரத்துக்கு லக்னமும் மாறிவிடும். நட்சத்திரத்துக்குள் சந்திரன் நிற்கும் பாகையை வைத்துத்தான் தசா இருப்பு எழுதுகிறோம் என்பதால், பிறப்பிலிருந்தே தசா வரிசை வேறாக ஓடும்.

ஏமாற்றுவது என்னவென்றால் சனியும் ராகு கேதுவும் இரண்டு தேதியிலும் ஒரே ராசியில்தான் இருக்கிறார்கள். மெதுவாக நகரும் கிரகங்கள் மூன்றரை மாத வித்தியாசத்தைக் காட்டாது. அதனால் தவறான ஜாதகத்திலும் நாலு பலன் பொருந்தும். "சரியாகத்தானே சொல்கிறார்" என்று தோன்றும். ஜாதகத்தைப் பொறுத்தவரை என் கணிப்பில் விவாதத்துக்கே இடமில்லை. சான்றிதழ் தேதியில் யாரும் பிறக்கவில்லை, எனவே அந்த நாளின் வானத்துக்கு இவரோடு தொடர்பு இல்லை. திருமணத் தகவல் தளங்களில் சான்றிதழ் தேதியைப் பதிந்தால், கணினி தானாகப் போடும் நட்சத்திரத்தை வைத்தே பொருத்தம் பார்த்துவிடுவார்கள். அங்கே ஜாதகத் தேதி வேறு என்று எழுதிவிடுவது நல்லது.

எண் கணிதத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. அதற்கு நேரமும் ஊரும் தேவையில்லாததால் எந்தத் தேதியைக் கொடுத்தாலும் ஒரு விடை வந்துவிடும், தவறு வெளியே தெரியாது. நம் எடுத்துக்காட்டில் பிறந்த தேதி 16 என்பதால் பிறவி எண் 7. சான்றிதழ்ப்படி 1. மொத்தத் தேதியைக் கூட்டும் விதி எண்ணோ 16.9.1978-க்கு 41, அதாவது 5, 1.6.1978-க்கு 32, அதுவும் 5. விதி எண் ஒத்துப்போகிறதே என்று இரண்டும் ஒன்றுதான் என எடுத்துக்கொள்ளக் கூடாது, அது தற்செயல்.

சான்றிதழ் தேதிக்காக வாதாடுபவர்கள் சொல்வது: வேலை, வங்கி, பாஸ்போர்ட் என எல்லா இடத்திலும் உலவும் எண் அதுதான், எனவே அதன் தாக்கமும் உண்டு. இதை முழுக்கத் தள்ளவும் வேண்டாம். ஆனால் பிறவி எண் என்ற பெயரே பிறப்பைச் சொல்கிறது. பெயர் எழுத்துகளை மாற்ற வந்தால் 7-க்கு ஏற்பவே அமைத்து, அது 1-க்குப் பகையாக இல்லையா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். நேர்மாறாகச் செய்வது சரியல்ல.

இன்னொரு சிக்கல் "உண்மையான" தேதியிலேயே ஒளிந்திருக்கும். பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. இவரே சனிக்கிழமை ராத்திரி 2 மணிக்குப் பிறந்தவர் என்றால் வீட்டில் சனிக்கிழமை என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத் தேதியோ 17. 16-ஆம் தேதி அதிகாலை 2 மணி என்று மென்பொருளில் போட்டால் முந்தைய நாள் கணக்காகிச் சதயம், கும்பம் என்று வரும். சரியாக 17 என்று போட்டால் பூரட்டாதி, மீனம். பிறவி எண்ணும் அப்போது 8 ஆகும்.

தேதியே மறந்துபோன வீட்டில் ஆங்கிலத் தேதியைக் கேட்டுப் பயனில்லை. தமிழ் வருடம், மாதம், கிழமை, நட்சத்திரம் இவற்றைக் கேளுங்கள். ஒரு தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை வரும்; கிழமை சேர்ந்தால் பெரும்பாலும் ஒரே நாள்தான் மிஞ்சும். "காளயுக்தி, ஆவணி, சனிக்கிழமை, பூரட்டாதி, அன்றைக்கு ராத்திரி சந்திர கிரகணம்" என்று பாட்டி சொன்னால் 16.9.1978 தவிர வேறு நாள் இல்லை, அன்றிரவு முழுச் சந்திர கிரகணம் நடந்தது. பழைய ஓலையிலோ நோட்டிலோ "குரு தசை இருப்பு" என்று வருடம், மாதம், நாள் எழுதியிருந்தால் கண்டுபிடித்த நாளை அதோடு ஒப்பிடலாம்; பல மாதங்கள் வேறுபட்டால் நேரமோ நாளோ பிசகியிருக்கலாம். எதுவுமே கிடைக்காவிட்டால் சான்றிதழ் தேதிக்கு ஜாதகம் எழுதச் சொல்லாமல், கேள்வி கேட்கும் நேரத்தை வைத்துப் பார்க்கும் பிரசன்னத்துக்குப் போவதே முறை.